ஐஸ் இல்லாத பள்ளிக்கூடத்தில் நீர் வட்டம்: ஒரு ஜாம் போத்தலும் பிளேன்ரீயும்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் 4 படிப்பிக்கிறேன். நீர் வட்டத்தின் படத்தைப் பிள்ளைகள் பார்க்காமலே கீறுவார்கள், அம்புக்குறியும் சரியாகப் போடுவார்கள். ஆனால் "கோடையில குளத்துத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டால் "மண் குடிச்சிட்டுது" என்கிறார்கள். "மழை எப்படி வருது?" என்றால் "மேகம் கடல்ல போய்த் தண்ணி மொண்டு வருது" என்கிறார்கள். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, மேலே ஐஸ் வைத்துச் செய்யும் பரிசோதனையைச் செய்து காட்ட விருப்பம். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. எப்படிச் செய்வது, எப்படி விளங்கப்படுத்துவது?

பதில்:

ஐஸ் தேவையில்லை, ரீச்சர். கிணற்றுத் தண்ணீரே போதும். ஆவி எங்கே குளிர்கிறதோ அங்கே தண்ணீராகும். அந்த இடம் ஐஸ் மாதிரிச் சில்லென்று இருக்க வேண்டும் என்றில்லை, போத்தலுக்குள் இருக்கிற ஆவியை விடக் குளிராக இருந்தால் சரி. உள்ளே 60 பாகைச் சூடு, மேலே 28 பாகைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் வித்தியாசம் தாராளம். ஐஸ் வைத்தால் கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். மீன் சந்தையில் உடைத்த ஐஸ் கிடைத்தால் எடுத்து வரலாம், ஆனால் பிள்ளைகள் அதை வாயில் போட்டுவிடுவார்கள். அதனால் நான் கிணற்றுத் தண்ணீரையே சொல்லுவேன்.

தேவையானவை: வாயகன்ற ஒரு ஜாம் போத்தல், அடி உருண்ட ஒரு சின்னச் சில்வர் கிண்ணம், தேயிலை, உப்பு, ஒரு துண்டு பீற்றூட், ஒரு கேத்தல் சுடுதண்ணீர். தேயிலையும் பீற்றூட்டும் எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பரிசோதனையின் உயிரே அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

கிண்ணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல வகுப்புகளில் பரிசோதனை சப்பென்று போவதற்கு அதுதான் காரணம். புத்தகங்களில் போத்தலின் வாயில் ஒரு தட்டை வைப்பதாகப் படம் இருக்கும். தட்டின் அடி மட்டமாக இருப்பதால் துளிகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும், கீழே விழாது. "மழை எங்க, ரீச்சர்?" என்று பிள்ளை கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அடி உருண்ட கிண்ணத்தை வாயில் இருத்தினால் அதன் வயிறு போத்தலுக்குள் சற்று இறங்கி நிற்கும். துளிகள் சரிவில் வழிந்து நடுவில் ஒன்றுசேர்ந்து, பாரம் தாங்காமல் ஒவ்வொன்றாகச் சொட்டும். வாயும் இடைவெளி இல்லாமல் மூடிக்கொள்ளும். பீங்கான் கிண்ணம் வேண்டாம், அது குளிரைக் கீழே கடத்த நேரமெடுக்கும். மெல்லிய சில்வர்தான் நல்லது.

இனிச் செய்முறை. சுடுதண்ணீரில் சாயம் நன்றாக இறங்கிய பிளேன்ரீ ஒன்று போடுங்கள். கொதிக்கக் கொதிக்க எடுத்த அந்தத் தேத்தண்ணீரில் 100 மில்லிலீற்றரும் கிணற்றுத் தண்ணீரில் 100 மில்லிலீற்றரும் கலந்தால் சூடு 60 பாகையை ஒட்டி வரும். வெப்பமானி இல்லாத இடத்தில் இந்தச் சரிபாதிக் கணக்கு கைகொடுக்கும். அதில் ஒரு தேக்கரண்டி உப்பைக் குவித்துப் போட்டுக் கரையுங்கள். ஏறத்தாழ 7 கிராம் உப்பு, 200 மில்லிலீற்றர் தண்ணீர்: இது கடல் தண்ணீரின் உப்புக்குக் கிட்ட வந்துவிடும். பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாம், "இது எங்கட கடல், கொஞ்சம் கறுத்த கடல்."

போத்தலில் ஊற்ற முன்பு இளஞ்சூட்டுத் தண்ணீரால் அதை ஒருதரம் அலசுங்கள். குளிர்ந்திருந்த கண்ணாடியில் சடுதியாகச் சூடு பட்டால் அடி விண்டுவிடும். தேத்தண்ணீரை ஒரு புனல் வைத்து, விளிம்பில் தெறிக்காமல் மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றுவது நீங்களாகவே இருக்க வேண்டும், பிள்ளைகள் ஒரு கை தூரம் தள்ளி நிற்கட்டும். 60 பாகையும் பிஞ்சுத் தோலைச் சுட்டுவிடும். சோடாக் கடைப் பிளாஸ்ரிக் போத்தல் வேண்டாம், சூட்டில் சுருங்கி வாய் கோணிவிடும்.

பீற்றூட்டைச் சுரண்டிப் பிழிந்து, அந்தச் சிவப்புச் சாற்றைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து, கிண்ணத்தில் முக்கால் பங்குக்கு விடுங்கள். கிண்ணத்தின் அடியைத் துணியால் ஒருதரம் துடைத்து, போத்தல் வாயில் இருத்துங்கள். கீழே கறுத்த கடல், மேலே சிவப்புத் தண்ணீர், நடுவில் வெறும் காற்று.

இனிப் பத்து நிமிடம் ஒன்றும் விளங்கப்படுத்தாதீர்கள். பார்க்க மட்டும் விடுங்கள். முதலில் நடப்பது, போத்தலின் மேற்பாதிக் கண்ணாடி மங்குவது. அதற்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த மங்கல் முழுவதும் ஊசிமுனைத் துளிகள். கிண்ணத்தின் அடியிலும் அதே துளிகள், ஆனால் அவை வேகமாகப் பருக்கும். பக்கத்தில் இருக்கும் இரண்டு துளி தொட்டுக்கொண்டால் சட்டென்று ஒன்றாகிவிடும், ஒன்றானது அடுத்ததைத் தேடி வழியும். பயறளவுக்கு வந்த ஒன்று நடுவில் தொங்கிக் கொஞ்சம் ஆடி, "டப்" என்று தேத்தண்ணீரில் விழும். முதல் துளி விழப் பத்து நிமிடத்தை ஒட்டி எடுக்கலாம். பொறுமை போய்விட்டால் கிண்ணத்தின் விளிம்பை விரலால் ஒருதரம் தட்டுங்கள், விழும். அதில் கள்ளம் ஒன்றுமில்லை.

கிண்ணத்துத் தண்ணீர் சூடேறினால் துளி பருப்பது மந்தமாகும். கையை வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பானதும் சிவப்புத் தண்ணீரை மாற்றுங்கள். ஐஸ் இல்லாததற்கு நாம் கொடுக்கும் விலை இந்த ஒரு வேலைதான்.

இப்போது கேளுங்கள்: "கிண்ணத்துக்கு அடியில இருக்கிற தண்ணி எங்கயிருந்து வந்தது?"

இந்தக் கேள்வியோடுதான் பாடம் தொடங்குகிறது. படத்தில் அம்புக்குறி சரியாகப் போட்ட பிள்ளைகளே இங்கே பலவிதமாகச் சொல்லுவார்கள். "கிண்ணம் ஒழுகுது" என்று ஒரு பிள்ளை சொல்லும். "தேத்தண்ணி தெறிச்சிட்டுது" என்று இன்னொன்று சொல்லும். எந்தப் பதிலையும் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். "அப்பிடியெண்டா அந்தத் தண்ணி என்ன நிறத்தில இருக்க வேணும்?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். கிண்ணம் ஒழுகியிருந்தால் துளி சிவப்பு. தேத்தண்ணீர் தெறித்திருந்தால் துளி கறுப்பு. இதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கிண்ணத்தை மெல்லத் தூக்கி, அடியில் ஒரு வெள்ளைக் கடதாசியை ஒற்றிக் காட்டுங்கள். ஈரம் இருக்கும், நிறம் இருக்காது. சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை.

வழக்கமான பரிசோதனையில் கீழேயும் வெறும் தண்ணீர், மேலேயும் வெறும் ஐஸ். துளியும் அதே நிறம். ஐஸ் உருகி ஒழுகியது என்று ஒரு பிள்ளை மனதுக்குள் முடிவு கட்டினால் அது பிழை என்று காட்ட அங்கே ஒன்றுமே இல்லை. ரீச்சர் சொன்னதற்காகப் பிள்ளை "ஒடுங்கல்" என்று எழுதும், மனதில் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பிளேன்ரீயும் பீற்றூட்டும்.

அடுத்தது உப்பு. கிண்ணத்தின் அடியில் மிச்சமிருக்கும் துளிகளைச் சுத்தமான கரண்டியால் வழித்து, ஒரு பிள்ளையின் விரல் நுனியில் வைத்து நக்கச் சொல்லுங்கள். போத்தலும் கிண்ணமும் சமையல் பாத்திரமாக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். பிறகு கீழே இருக்கும் தேத்தண்ணீரில், ஆறிய பிறகு, ஒரு துளி. முகம் போகிற போக்கைப் பார்த்தே வகுப்பு சிரிக்கும். மேலே போனது தண்ணீர் மட்டும். சாயமும் உப்பும் கீழேயே நின்றுவிட்டன. துளியில் தேயிலை மணம் இலேசாக இருந்தால் மறைக்க வேண்டாம். மணமும் ஆவியாகும் பொருள்தான், அதனால் அது கூடவே ஏறும். தேத்தண்ணீரைக் கிட்டக் கொண்டுவந்தாலே மணப்பது அதனால்தான்.

"மேகம் கடல்ல மொண்டு வருது" என்ற பதிலுக்கு இங்கே வேலை வருகிறது. அது அப்பம்மாமார் சொன்ன கதை, அதைக் கேலி செய்யக்கூடாது. கடல் தண்ணீர்தான் மழையாகிறது என்ற பெரிய உண்மை அதற்குள் இருக்கிறது. பிழை ஒரே ஒரு இடத்தில்தான்: மொண்டு வந்திருந்தால் மழை உப்புக் கரித்திருக்கும். பீலியில் பிடித்த மழைத்தண்ணீர் கரிப்பதில்லை என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கடல் தண்ணீர் மேலே போகும்போது உப்பைக் கீழே விட்டுவிட்டுப் போகிறது. விட்டுப்போன உப்பை எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போய்வந்த பிள்ளை ஒன்று "ஆனையிறவு" என்று சொல்லும். அங்கே கடலேரித் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் விடுகிறார்கள். தண்ணீர் மேலே போகிறது, உப்பு பாத்தியில் தங்குகிறது. ஒரு பீங்கான் தட்டில் நான்கு தேக்கரண்டி உப்புத் தண்ணீர் விட்டு வெயிலில் வைத்தால் உங்கள் வகுப்பின் யன்னலடியிலும் வெள்ளைப் படலம் கட்டும்.

பெயர்களைச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். தேத்தண்ணீரை விட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் மேலே போனது ஆவியாதல். கிண்ணத்தடியில் திரும்பத் தண்ணீரானது ஒடுங்கல். சொட்டியது மழை. பார்த்த பிறகு வரும் பெயர் பிள்ளையிடம் நிற்கும். முதல் நாள் கரும்பலகையில் எழுதிவிட்டு மறுநாள் பரிசோதனை செய்தால், பிள்ளைகள் பார்ப்பதை விட்டுவிட்டு எந்தச் சொல்லைச் சொன்னால் நீங்கள் சரி போடுவீர்கள் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

"கண்ணுக்குத் தெரியாமல்" என்றதைக் கொஞ்சம் அழுத்த வேண்டும். கேத்தல் வாயில் வரும் வெள்ளைப் புகைதான் நீராவி என்று பெரியவர்களே நினைக்கிறோம். கொதிக்கும் கேத்தலைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். மூக்கின் நுனிக்கும் வெள்ளை தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். நீராவி அங்கேதான் இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது வெளியே வந்து குளிர்ந்து, மறுபடி பொடித் துளியான தண்ணீர். மேகமும் இதே சாதிதான். மேகம் ஆவி இல்லை, மிதக்கும் பொடித் துளிகள்.

உங்கள் வகுப்பறைக் காற்றிலேயே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 6 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் உள்ள அறையில், 30 பாகைச் சூட்டில், எங்கள் ஊர்ப் புழுக்கத்தில், ஏறத்தாழ 2 லீற்றர் தண்ணீர் ஆவியாக நிற்கிறது. இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டி, "இவ்வளவும் இப்ப உங்கட தலைக்கு மேல நிக்குது" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்தத் தண்ணீர்தான் ஐஸ் வைத்துச் செய்பவர்களுக்கு ஒரு தொல்லையும் கொடுக்கும். ஐஸ் கிண்ணத்தின் வெளிவிளிம்பிலும் துளி கட்டி, போத்தலின் வெளிப்பக்கமாக வழியும். அதைப் பார்த்த பிள்ளை "தண்ணி கண்ணாடியால வெளிய வருது" என்று சொல்லும். இன்னொரு ஆசிரியர், ஒப்பிட்டுப் பார்க்க என்று வெறும் போத்தலுக்கு மேலே ஐஸ் கிண்ணத்தை வைத்தார். அதன் அடியிலும் இலேசாகப் பனித்தது. பரிசோதனை பிழைத்துவிட்டது என்று அவர் கவலைப்பட்டார். பிழைக்கவில்லை. வெறும் போத்தல் வெறுமையாக இருக்கவில்லை, அதற்குள் மாரிகாலக் காற்று இருந்தது. 28 பாகைக் கிணற்றுத் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் இந்தக் குழப்பம் வராது. சாதாரணக் காற்றிலிருக்கும் ஆவியைத் தண்ணீராக்க அந்தக் குளிர் போதாது, சுடுதேத்தண்ணீரின் ஆவிக்கு மட்டும்தான் போதும். பிரிட்ஜ் இல்லாதது இந்த விஷயத்தில் உங்களுக்கு வசதி.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இன்னொன்றும் கேட்கும்: "தேத்தண்ணி குறையவே இல்லையே?" உண்மைதான், கண்ணுக்குக் குறையாது. இருபது நிமிடத்தில் மேலே சேர்வது அரைத் தேக்கரண்டிக்கும் வராது, அதிலும் பாதி திரும்ப விழுந்துவிடுகிறது. போத்தலின் அகலத்துக்குப் பரவினால் அது ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. இதற்கு மழுப்பாமல் வேறொரு போத்தலைக் காட்ட வேண்டும். அந்தப் போத்தல்தான் "மண் குடிச்சிட்டுது" என்பதற்கும் பதில்.

ஒரே அளவான இரண்டு ஜாம் போத்தல் எடுங்கள். இரண்டிலும் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர், சூடு காட்டாத பச்சைத் தண்ணீர். மட்டத்தில் ஒரு ரேப் துண்டை ஒட்டுங்கள். ஒன்றை மூடியால் இறுக்குங்கள், மற்றதைத் திறந்து விடுங்கள். காகமும் பூனையும் எட்டாத, வெயிலும் காற்றும் படும் விறாந்தை ஓரத்தில் இரண்டையும் ஒரு கிழமை வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை அடிமட்டத்தால் அளந்து எழுதட்டும். சோளகம் வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் செய்தால் ஒவ்வொரு நாளும் மட்டம் இறங்குவது தெரியும். மார்கழியில் செய்யாதீர்கள், ஒரு கிழமைக்கும் அசையாமல் நின்று உங்களை வெட்கப்படுத்தும்.

திறந்த போத்தலில் தண்ணீர் குறைந்துவிட்டது. அதில் மண் இல்லை. மூடிய போத்தலில் குறையவில்லை, ஆனால் காலையில் பார்த்தால் மேற்பக்கக் கண்ணாடியில் துளி கட்டியிருக்கும். அங்கே போக நினைத்தது போக வழியில்லாமல் திரும்பிவிட்டது. கொதிக்கவும் இல்லை, சூடு காட்டவும் இல்லை, ஆனாலும் ஆவியாகியிருக்கிறது. முதற் பரிசோதனையை மட்டும் செய்தால் தண்ணீர் சுட்டால்தான் ஆவியாகும் என்ற எண்ணம் பிள்ளையிடம் தங்கிவிடும். குளம் ஒருநாளும் கொதிப்பதில்லையே!

இங்கே நீங்கள் நேர்மையாக இருக்க வேண்டும். "மண் குடிச்சிட்டுது" என்பது முழுப் பிழை இல்லை. குளத்துத் தண்ணீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கத்தான் செய்கிறது. குளம் நிரம்பினால் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறுவது அதனால்தான். இன்னொரு பங்கு துருசைத் திறந்து வாய்க்காலால் சிறுபோக வயலுக்குப் போகிறது. மிச்சம் மேலே போகிறது. எங்கள் பக்கக் கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஆவியாகும். பிள்ளைகளைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் என்றால் 30 நாளைக்கு 150 மில்லிமீற்றர், அதாவது அவர்களுடைய 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தில் சரி பாதி. நான்கு மாதக் கோடைக்கு இரண்டு அடிமட்ட உயரம். ஆழம் குறைந்த சின்னக் குளங்களில் அது பெரிய பங்கு. வைகாசியில் தண்ணீர் நின்ற அலைகரையில் ஆவணியில் மாடு மேய்வதைப் பார்க்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஏறும்.

போத்தல் காட்டாததையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது தன் பங்குக்கு ஒரு பிழையை விதைத்துவிடும். போத்தலில் எழுந்த தண்ணீர் அதே போத்தலில் விழுகிறது. அதைப் பார்த்த பிள்ளை, இரணைமடுவில் எழுந்த ஆவி மழையாகி இரணைமடுவிலேயே விழுகிறது என்று நினைக்கும். அப்படி நடப்பதில்லை. கோடையில் குளத்திலிருந்து எழும் ஆவியைச் சோளகம் வடகிழக்கே, கடலுக்கு மேலே தள்ளிக்கொண்டு போய்விடும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும் மழையில் பெரும்பங்கு வங்காள விரிகுடாவிலிருந்து எழுந்த தண்ணீர். வாடைக்காற்றும் அந்தக் காலத்துத் தாழமுக்கங்களும் அதைக் கொண்டுவருகின்றன. போத்தலில் காற்று வீசுவதில்லை. அதனால் கரும்பலகையில் படம் போடும்போது கடல் ஒரு பக்கம், குளம் ஒரு பக்கம், நடுவில் காற்றுக்கு ஒரு பெரிய அம்புக்குறி என்று கீறுங்கள். பாடப் படங்களில் மலை ஒன்று எப்போதும் நிற்கும். வன்னியில் மலை எங்கே? மலையை அழித்துவிட்டு ஒரு குளக்கட்டைப் போடுங்கள்.

விழுந்த பிறகு நடப்பதைப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, அவர்கள் உங்களுக்குச் சொல்லுவார்கள். காட்டில் விழுந்த மழை கனகராயன் ஆற்றில் சேர்கிறது, ஆறு இரணைமடுவை நிரப்புகிறது, குளம் நிரம்பினால் மிச்சம் வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் கடலேரியில் விழுந்து கடலோடு சேர்கிறது. 2018 டிசம்பரில் மழை கொட்டி, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்தில் நின்றதை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லலாம். கடலிலிருந்து வந்த தண்ணீர் எவ்வளவு அவசரமாகக் கடலுக்குத் திரும்பப் பார்க்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எங்கள் ஊரில் இல்லை.

இன்னொரு குறை, கிண்ணம். வானத்தில் குளிர்ந்த மூடி எதுவும் கிடையாது. சூடான காற்று மேலே ஏற ஏற விரிந்து, விரியும்போதே தானாகக் குளிர்கிறது. மேலே போகப் போக ஒரு கிலோமீற்றருக்கு 6 பாகைக்குச் சற்றுக் கூடவே குளிர் கூடும். கீழே 30 பாகை என்றால் ஐந்து கிலோமீற்றர் உயரத்தில் தண்ணீர் உறையும் குளிர். தரம் 4 பிள்ளைக்கு "மேலே போகப் போகக் குளிர்" என்பது போதும், ஏன் என்பதைப் பெரிய வகுப்பில் படிக்கட்டும். ஆனால் "கிண்ணம் மாதிரி வானத்தில என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால் "உயரம்" என்று சொல்லுங்கள்.

கண்ணாடியில் ஒட்டாமல் நடுக்காற்றில் மேகம் கட்டுவதையும் காட்ட விருப்பமென்றால் ஊதுபத்தி ஒன்று போதும். புதிதாகச் சுடுதண்ணீர் விட்ட போத்தலின் வாயில் எரியும் ஊதுபத்தியை இரண்டு, மூன்று விநாடி பிடித்து, புகை உள்ளே இறங்கியதும் குளிர்தண்ணீர்க் கிண்ணத்தால் மூடுங்கள். போத்தலுக்குப் பின்னால் கறுப்புக் கடதாசி வைத்து, பக்கவாட்டில் ரோச் அடித்தால் உள்ளே வெள்ளை மூட்டம் சுழல்வது தெரியும். ஆவி துளியாவதற்கு ஒட்டிக்கொள்ள ஒரு தூசு வேண்டும், இங்கே புகைத்துகள் அந்த வேலையைச் செய்கிறது. வானத்தில் கடலுப்புத் துகளும் மண் தூசும் செய்கின்றன. இதற்கு மட்டும் ஐஸ் இருந்தால் நல்லது, கிணற்றுத் தண்ணீரில் மூட்டம் கொஞ்சம் மெலிவாகத்தான் வரும். ஒரு மழைத்துளிக்கு இப்படியான மேகத்துளி ஏறத்தாழப் பத்து இலட்சம் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தடியில் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்ததை நினைவுபடுத்துங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு உண்மையில் விளங்கியதா என்று பார்க்க, நீர் வட்டத்தைக் கீறச் சொல்லாதீர்கள். அதை அவர்கள் முன்பே கீறுவார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த ஒறேஞ் சோடாப் போத்தலின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது என்று கேளுங்கள். கடையில் எல்லோரும் பார்த்ததுதான். "சோடா கசியுது" என்று கட்டாயம் ஒரு குரல் வரும். அப்போது நீங்கள் பேசாமல் நின்று, "அது சரியோ பிழையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். பிளேன்ரீப் போத்தலை நன்றாகப் பார்த்த பிள்ளை, "நிறம் பாப்பம், ரீச்சர்" என்று சொல்லும், அல்லது "நக்கிப் பாத்தா இனிக்குமோ?" என்று கேட்கும். இரண்டும் வராவிட்டால் படத்தைத் திரும்ப விளங்கப்படுத்துவதில் பயனில்லை. அடுத்த நாள் கேத்தலை மறுபடி அடுப்பில் வையுங்கள். இந்த முறை எதில் என்ன நிறம் கலப்பது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.